லிஸ்டிங்கில் எதை மாற்றியதால் ரேங்க் விழுந்தது? மாற்றப் பதிவேடு வைக்கும் முழு வழிகாட்டி

ஷாப்பி, லசாடாவில் கடை வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "போன மாசம் வரைக்கும் முதல் பக்கத்துல இருந்துச்சு, இப்ப தேடினா காணோம்." என்ன மாற்றினீர்கள் என்றால், "ஒண்ணும் மாத்தலையே" என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், தலைப்பைச் சரிசெய்தது, அட்டைப்படத்தை மாற்றியது, விலையில் இரண்டு வெள்ளி ஏற்றியது என ஒவ்வொன்றாக வெளியே வரும். எது எந்தத் தேதியில் நடந்தது என்பது மட்டும் வராது. தேதி இல்லாவிட்டால் காரணம் கண்டுபிடிக்க வழியே இல்லை.

சிங்கப்பூரில் நம் ஆட்களின் கடைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தீபாவளியை ஒட்டித்தான் லிஸ்டிங்கில் அதிகம் கை வைக்கிறோம். அதே சமயத்தில்தான் தேடுகிறவர்களின் கூட்டமும் ஏறி இறங்குகிறது. கூட்டம் ஏறும்போது செய்த தவறு கண்ணுக்குத் தெரியாது. கூட்டம் இறங்கியபின் தெரியும், ஆனால் அதற்குள் "சீசன் முடிஞ்சு போச்சு" என்று ஒரு சமாதானம் கையில் வந்துவிடும். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு எழுதிவைக்கும் பதிவேடு இந்த இடத்தில் எப்படி உதவுகிறது என்பதை ஒரே ஒரு பொருளை வைத்துப் பார்ப்போம்: எவர்சில்வர் முறுக்கு அச்சு. கடையும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. பண்டிகைத் தேதிகள் உண்மையானவை.

படி 1: பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும்

ஒரு கூகல் ஷீட் போதும். தனிச் செயலி எதுவும் வேண்டாம். ஒரு மாற்றத்துக்கு ஒரு வரி. அந்த வரியில் தேதியும் நேரமும், பொருளின் Product ID, மாற்றிய இடம், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், ஏன் மாற்றினோம் என்பது, இவை மட்டும் இருக்கட்டும்.

இவற்றில் மிக முக்கியமானது பழைய மதிப்பு. பெரும்பாலோர் "தலைப்பு மாற்றப்பட்டது" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது பதிவே அல்ல. பழைய தலைப்பை முழுதாக, எழுத்துக்கு எழுத்து, அப்படியே ஒட்ட வேண்டும். நாளைக்குத் திரும்பப் போட வேண்டிவந்தால் நினைவிலிருந்து எழுத முடியாது. எந்தச் சொல் காணாமல் போனது என்பதும் இரண்டையும் அருகருகே வைத்தால்தான் தெரியும். படம் என்றால் பழைய கோப்பை ஒரு ஃபோல்டரில் தேதியுடன் பெயரிட்டு வைத்து, அந்தப் பெயரை வரியில் எழுதுங்கள்.

"ஏன்" என்ற கட்டம் வீண்போல் தோன்றும். ஆனால் "பக்கத்துக் கடை விலை குறைத்ததால்" என்று எழுதியிருந்தால், பிறகு ரேங்க் விழும்போது அந்தப் பக்கத்துக் கடையையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கத் தோன்றும்.

நாம் மாற்றாதவையும் இதே பதிவேட்டில் வர வேண்டும். சரக்கு தீர்ந்த நாள், மீண்டும் வந்த நாள், விளம்பரத்தை நிறுத்திய நாள், ஒற்றை நட்சத்திர மதிப்புரை வந்த நாள், அனுப்பத் தாமதமான வாரம் எல்லாம். 1 ஜனவரி 2024-இல் ஜிஎஸ்டி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனபோது பலர் கடை முழுக்க விலையைத் திருத்தினார்கள். அப்படி ஒரே நாளில் எல்லாப் பொருளும் மாறினால், "அனைத்தும்" என்று ஒரு வரி போட்டு, முந்தைய விலைப் பட்டியலைத் தனித் தாளாக வைத்துவிடுங்கள்.

படி 2: நேரத்தைச் சரியாக எழுதுங்கள்

தேதிக் கட்டத்தில் `=TODAY()` அல்லது `=NOW()` போடாதீர்கள். நாளைக்கு ஷீட்டைத் திறந்தால் நாளைய தேதியைக் காட்டும், பதிவேடு முழுவதும் பொய்யாகிவிடும். Ctrl உடன் அரைப்புள்ளி விசையை அழுத்தினால் அன்றைய தேதி நிலையாகப் பதியும். நேரத்தைக் கையால் எழுதலாம்.

நம் கடைகள் பலவற்றில் லிஸ்டிங் வேலையைச் சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் ஒருவர் பார்க்கிறார். அங்கே நேரம் சிங்கப்பூருக்கு இரண்டரை மணி பின்னால். அவர் இரவு 10.40-க்கு ஒரு தலைப்பை மாற்றினால் இங்கே அடுத்த நாள் அதிகாலை 1.10. அவர் 8-ஆம் தேதி என்று எழுதுவார். Seller Centre எனப்படும் விற்பனை மையத்தின் அறிக்கை சிங்கப்பூர்த் தேதிப்படி ஓடும், அங்கே அது 9-ஆம் தேதி. 8-ஆம் தேதி இரவு இங்கே நீங்கள் விலையை மாற்றியிருந்தால், எது முதலில் நடந்தது என்பதே தலைகீழாகிவிடும். "சிங்கப்பூர் நேரத்தில்தான் எழுத வேண்டும்" என்பதை ஷீட்டின் முதல் வரியிலேயே போட்டு, ஷீட்டின் அமைப்புகளில் நேர மண்டலத்தையும் சிங்கப்பூருக்கு மாற்றுங்கள். இங்கே பதிந்தாலும் அங்கே பதிந்தாலும் ஒரே தேதி வரும்.

படி 3: வாரம் ஒரு நகல்

மனிதர்கள் எழுத மறப்பார்கள். மறந்ததைப் பிடிக்க ஒரு வலை வேண்டும். ஷாப்பி விற்பனை மையத்தில் Mass Update வழியாக எல்லாப் பொருள்களின் விவரத்தையும் எக்செல் கோப்பாக இறக்கலாம். அது மாற்றங்களை மொத்தமாக ஏற்றுவதற்கான வசதி. நாம் இறக்குவதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இறக்கி, தேதியுடன் சேமித்து வையுங்கள்.

இந்த வார நகலையும் போன வார நகலையும் ஒரே கோப்பில் இரண்டு தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். போன வாரத் தாளின் பெயர் Old. இரண்டிலும் A பத்தியில் Product ID, B பத்தியில் தலைப்பு. இந்த வாரத் தாளின் C2-இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(EXACT(B2, XLOOKUP(A2, Old!A:A, Old!B:B, "")), "", "CHANGED")
```

ஓர் எழுத்து மாறினாலும், பெரிய எழுத்து சிறிய எழுத்தானாலும் CHANGED என்று காட்டும். விவரத்துக்கும், ஒரு பொருளுக்கு ஒரே விலை என்றால் விலைக்கும், இதையே பத்தியை மாற்றிப் பயன்படுத்தலாம். எல்லா வரியிலும் CHANGED வந்தால் பதற வேண்டாம். ஒரு தாளில் Product ID எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் பதிந்திருக்கும். இரண்டையும் வெற்று எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

CHANGED வந்து பதிவேட்டில் அதற்கு வரி இல்லையென்றால், யாரோ எழுத மறந்திருக்கிறார்கள், அல்லது மனிதர் யாருமே மாற்றவில்லை. சரக்கு மேலாண்மை மென்பொருளை இரண்டு மூன்று தளங்களோடு இணைத்து வைத்திருந்தால், ஒரு தளத்தின் பழைய தலைப்பை அது மற்றத் தளத்தின் மேல் எழுதிவிடுவது உண்டு. அதைச் சரிபார்த்து, தேதிக் கட்டத்தில் "3-க்கும் 10-க்கும் இடையில்" என்று எழுதிவிடுங்கள். துல்லியமில்லாத உண்மைத் தேதி, துல்லியமான ஊகத் தேதியைவிட மேல்.

படி 4: ரேங்கைச் சொல் வாரியாகக் குறியுங்கள்

பதிவேட்டில் மாற்றங்கள் மட்டும் இருந்து பயனில்லை. விளைவும் பக்கத்தில் இருக்க வேண்டும். இங்கே பலர் செய்வது, பொருளின் மொத்தப் பார்வைகளை மட்டும் பார்ப்பது. அது போதாது. ஒரு லிஸ்டிங் பல தேடல் சொற்களில் வருகிறது, ஒவ்வொன்றிலும் அதற்கு ஓர் இடம். மொத்த எண்ணிக்கை எல்லாவற்றையும் கலந்துவிடும்.

முறுக்கு அச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் முறுக்குச் சுடுபவர் `murukku maker` என்று தேடுவார். அதே அச்சில் இடியாப்பமும் பிழியலாம், நம்மவர்கள் `idiyappam maker` என்பார்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும், ஏன், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களில் பலரும் அதைப் புட்டு மாயம் என்றுதான் அறிவார்கள், `putu mayam maker` என்று தட்டுவார்கள். பொருள் ஒன்று, வாங்குபவர் கூட்டம் மூன்று. முறுக்குக் கூட்டம் தீபாவளிக்கு வரும். மற்ற இரண்டும் ஆண்டு முழுக்க வரும்.

எனவே முக்கியப் பொருள் ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்களைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு நாள், அதே நேரம், அதே கணக்கிலிருந்து, எந்த வடிகட்டியும் போடாமல் தேடி, எத்தனையாவது இடம் என்று குறியுங்கள். விளம்பரம் என்ற குறியுள்ள முடிவுகளை எண்ணாதீர்கள். உங்கள் விளம்பரமும் அதில் அடங்கும். தேடல் முடிவுகள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும் என்பதால் 4, 6 ஆனதைப் பொருட்படுத்த வேண்டாம். 6, 30 ஆனால்தான் செய்தி. அடிக்கடி உங்கள் பொருளையே சொடுக்கிக்கொண்டிருந்தால் உங்கள் திரையில் மட்டும் அது மேலே வரக்கூடும், பார்த்துவிட்டுச் சொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

ஒரு வீழ்ச்சியைத் துப்பறிவோம்

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. நம் முறுக்கு அச்சுக் கடையின் பதிவேட்டில் அந்த மாதம் மூன்று வரிகள் உள்ளன. 9-ஆம் தேதி அதிகாலை 1.10-க்குத் தலைப்பு மாற்றம், சென்னையிலிருந்து. காரணம்: "தீபாவளிக்கு ஏற்றபடி." 13-ஆம் தேதி விலை 18.90 வெள்ளியிலிருந்து 20.90. 15, 16 தேதிகளில் பெரிய அளவு அச்சு சரக்கில்லை. தலைப்பு மாறியது இப்படி:

```
பழையது: Stainless Steel Murukku Maker Putu Mayam Idiyappam Maker 6 Discs
புதியது: Deepavali 2025 Stainless Steel Murukku Maker Kitchen Press 6 Discs
```

பண்டிகை வாரம் வரை பார்வைகள் ஏறிக்கொண்டே போயின, எல்லாரும் மகிழ்ச்சி. தீபாவளி முடிந்ததும் விழுந்தன. அதுவும் எதிர்பார்த்ததுதான். மாதக் கடைசியில்தான் கடைக்காரருக்கு உறுத்தியது: சாதாரண மாதங்களைவிடவும் குறைவாக இருக்கிறதே? அவருடைய முதல் சந்தேகம் விலை ஏற்றம். நியாயமான சந்தேகம்தான், பணம் சம்பந்தப்பட்டதுதான் மனத்தில் முதலில் வரும்.

முதலில் பண்டிகையின் பங்கைக் கழிக்க வேண்டும். இங்கே எல்லாரும் விழும் குழி, "போன வருஷம் இதே தேதி" என்று ஒப்பிடுவது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. எனவே அக்டோபர் 25 முதல் 31 வரை என்பது 2024-இல் உச்ச வாரம், 2025-இல் ஓய்ந்த வாரம். தேதிக்குத் தேதி ஒப்பிட்டால் கடையே மூழ்கியதுபோல் தெரியும். தீபாவளியிலிருந்து எத்தனை நாள் என்று எண்ணித்தான் ஒப்பிட வேண்டும். 2025-இல் அக்டோபர் 25 முதல் 31 என்பது பண்டிகைக்குப் பின் 5 முதல் 11-ஆம் நாள். 2024-இல் அதற்கு இணை நவம்பர் 5 முதல் 11. அதில் 11.11 விற்பனை நாள் மாட்டிக்கொள்கிறது, அந்த ஒரு நாளைத் தள்ளிவிட்டு நாள் சராசரி எடுப்போம். 2024-இல் நாளுக்கு 30 பார்வை, 2025-இல் 13. 11.11-க்காக வாங்குவோர் காத்திருக்கும் மந்தமான நாள்களிலேயே 30 வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பண்டிகை முடிந்தது வீழ்ச்சியின் ஒரு பகுதியைத்தான் விளக்குகிறது. மீதிக்கு வேறு காரணம் இருக்கிறது.

இப்போது வெள்ளிக்கிழமை ரேங்க் குறிப்புகள்:

| தேடல் சொல் | அக் 3 | அக் 10 | அக் 17 | அக் 24 |
|---|---|---|---|---|
| murukku maker | 4 | 4 | 4 | 5 |
| putu mayam maker | 6 | 11 | 33 | 36 |
| idiyappam maker | 3 | 9 | 29 | 30 |

இந்த அட்டவணையைப் பார்த்ததுமே விலை விடுதலையாகிவிடுகிறது, இரண்டு விதத்தில். ஒன்று, சரிவு 10-ஆம் தேதியே தொடங்கிவிட்டது, விலை ஏறியது 13-இல். காரணம் விளைவுக்குப் பின்னால் வர முடியாது. சரக்கில்லாத 15, 16-க்கும் இதே பதில். இரண்டாவது, விலையோ சரக்கோ காரணம் என்றால் மூன்று சொற்களிலும் அடி விழ வேண்டும், ஒரே பொருள்தானே. முறுக்கு அசையாமல் இருக்கிறது. விழுந்த இரண்டும் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்ட அதே சொற்கள்.

இன்னொரு சாட்சியும் உண்டு. அதே கடையில் பித்தளை முறுக்கு அச்சு தனி லிஸ்டிங். அதன் தலைப்பை யாரும் தொடவில்லை, இரண்டு சொற்களும் அதில் இருக்கின்றன. `putu mayam maker` தேடலில் அது அக்டோபர் முழுவதும் 12, 13 என்றே நின்றது. அந்தச் சொல்லில் புதிய போட்டி வந்ததாலோ, தளம் தேடல் முறையை மாற்றியதாலோ வீழ்ச்சி என்றால் பித்தளையும் சேர்ந்து விழுந்திருக்கும். ஒவ்வொரு வகையிலும் ஒரு லிஸ்டிங்கையாவது சீசனில் தொடாமல் விட்டுவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆக, தவறு நடந்தது 9-ஆம் தேதி. தெரிந்தது மூன்று வாரம் கழித்து. இடைப்பட்ட நாள்களில் முறுக்குக்கூட்டம் மறைத்துவிட்டது. மொத்தப் பார்வையை மட்டும் பார்த்திருந்தால், விலையைக் குறைத்து நட்டப்பட்டிருப்பார், ரேங்கும் திரும்பியிருக்காது. தலைப்பில் பண்டிகைப் பெயரையும் ஆண்டையும் போடுவது எனக்கு எப்போதுமே பிடிக்காது. அக்டோபர் 21 காலை அது பழைய காலண்டர் ஆகிவிடுகிறது. பண்டிகையை அட்டைப்படத்தில் காட்டிக்கொள்ளலாமே.

படி 5: திருப்பிப் போட்டுச் சோதியுங்கள்

காரணம் தெரிந்துவிட்டது என்ற உற்சாகத்தில் தலைப்பை இன்னும் மெருகேற்றி, விலையையும் குறைத்து, படத்தையும் மாற்றினால் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பதிவேட்டிலிருக்கும் பழைய தலைப்பை அப்படியே ஒட்டுங்கள். வேறெதையும் தொடாதீர்கள். இதுவும் பதிவேட்டில் ஒரு புதிய வரி. பழைய வரியை அழிக்கக் கூடாது.

நம் கடைக்காரர் நவம்பர் 1-இல் பழைய தலைப்பைப் போட்டார், விலை 20.90-இலேயே இருக்கட்டும் என்று விட்டார். 7-ஆம் தேதி புட்டு மாயம் 21-க்கும், இடியாப்பம் 18-க்கும் ஏறின. அடுத்த குறிப்பை 14-இல் எடுத்தாலும் அதை வைத்து முடிவு செய்யவில்லை. 11.11-ஐ ஒட்டிய நாள்களில் தள்ளுபடியும் விளம்பரமும் எல்லாரையும் புரட்டிப்போடும், அந்த வாரத்து ரேங்க் எதையும் நிரூபிக்காது. 21-ஆம் தேதி 9, 7. பழைய 6, 3 இல்லை. இறங்கியிருந்த நாள்களில் அந்தச் சொற்கள் வழியாக வர வேண்டிய விற்பனை மற்றக் கடைகளுக்குப் போயிருக்கும், சொற்களைத் திரும்ப வைத்தாலும் அந்த விற்பனைக் கணக்கு திரும்பாது. மெதுவாகத்தான் ஏறும். பொறுமை இழந்து லிஸ்டிங்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போடாதீர்கள், சேர்த்து வைத்த மதிப்புரையும் விற்பனை எண்ணும் அதோடு போய்விடும்.

இரண்டு முழு வாரம் கழித்தும் ரேங்க் அசையவில்லை என்றால் துப்பறிந்தது தப்பு. அதையும் "திருப்பியும் பலனில்லை" என்று எழுதிவிட்டு, பதிவேட்டில் அடுத்த சந்தேக வரிக்குப் போங்கள்.

எங்கே இந்த முறை கைகொடுக்காது

வாரத்துக்கு இரண்டு மூன்று விற்கும் பொருளில் இதெல்லாம் செல்லாது. அங்கே ஒரு வாரம் பூஜ்யம் என்பது தற்செயலாகவே நடக்கும். அதிகம் விற்கும் ஐந்தாறு லிஸ்டிங்குக்கு ரேங்க் குறித்தால் போதும், மற்றவற்றுக்கு வாராந்திர நகலே காவல்.

ஒரே நாளில் தலைப்பு, படம், விலை மூன்றையும் மாற்றினால் பதிவேடு தேதியைத்தான் சொல்லும், குற்றவாளியைச் சொல்லாது. மேலே உள்ள கதையில் சொல் வாரியாகக் குறித்த ரேங்க் காப்பாற்றியது, படம் மாற்றத்துக்கு அந்த வசதி கிடையாது, அது எல்லாச் சொல்லையும் ஒன்றாகத்தான் பாதிக்கும். எனவே ஒரு லிஸ்டிங்கில் வாரம் ஒரு மாற்றம். வெள்ளிக்கிழமை நகல் எடுத்து, ரேங்க் குறித்து, அதன் பிறகு மாற்றினால், முன்னும் பின்னும் முழு வாரம் கிடைக்கும். தீபாவளி, 11.11, 12.12-க்கு முந்தைய ஒரு வாரம் தலைப்பையும் வகையையும் தொடுவதில்லை என்று உதவியாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். விலையும் சரக்கும் மட்டும் மாறலாம், அவையும் வரியாக எழுதப்பட்ட பிறகு.

கடை முழுக்க எல்லா லிஸ்டிங்கும் ஒரே வாரத்தில் விழுந்து, பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை, நகலிலும் CHANGED இல்லை என்றால், லிஸ்டிங்கில் தேடுவதை நிறுத்திவிட்டுக் கடையின் கணக்கு நிலையைத் திறந்து பாருங்கள்: தாமத அனுப்பல், ரத்தான ஆர்டர்கள், அபராதப் புள்ளிகள். அங்கேயும் சுத்தமாக இருந்தால், வாடிக்கையாளர் சேவைக்கு எழுதும்போது பதிவேட்டின் அந்த மாதத்துப் பக்கத்தையும் ரேங்க் அட்டவணையையும் படமாக இணையுங்கள். "திடீர்னு விழுந்துருச்சு" என்று மட்டும் எழுதினால், லிஸ்டிங்கை மேம்படுத்துங்கள் என்ற அச்சடித்த பதில்தான் வரும்.